பதினொன்றாம் நம்பர் நெயில் பாலிஷ்

சுகுணாவின் விரல்களில் நெயில் பாலிஷ் பட்டு நான் பார்த்ததே இல்லை. மரவள்ளிக் கிழங்கு உரித்த கறை இருக்கும், மிளகு உதிர்த்த மாதமானால் நகக்கண் கறுத்திருக்கும். ஆனால் இந்த நாட்டில் எத்தனையோ பெண்கள் போனில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிற நெயில் பாலிஷின் நிறம், அந்தக் கறை விரல்களால் கொல்லிமலையில் ஒரு அறைக்குள் பூசப்பட்டது. அவளைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவளுக்கு நான் ஒரு நல்லது செய்யப் போய், நன்றாகவே கெடுத்துவிட்டேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் ஒரு மாடி அறை, ஆறு கம்ப்யூட்டர், அதுதான் எங்கள் ஆபீஸ். கடைக்காரர்கள் அனுப்பும் பொருள்களின் போட்டோவைச் சுத்தம் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. முதலாளி ராஜதுரை. அனுப்பும் முன்னால் சரிபார்ப்பவள் நான், யமுனா. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியவள்.

நெயில் பாலிஷ் கம்பெனிக்காரர்கள் பதினெட்டு நிறத்துக்குப் பதினெட்டு முறை போட்டோ எடுக்கமாட்டார்கள். ஒரு பெண்ணின் கையில் வெளிர் ரோஸ் பூசி, ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புவார்கள். கூடவே பதினெட்டு பிளாஸ்டிக் நகங்கள் கூரியரில் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு அசல் நிறம் பூசியிருக்கும், முதுகில் நம்பர் இருக்கும். அந்த ஒரு கையை வைத்துப் பதினெட்டு கையை நாங்கள் உண்டாக்க வேண்டும். கேட்டால் சுலபம் போலிருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி.

நகத்தைச் சுற்றி வரம்பு கட்டுவதற்கு மாஸ்க் என்று பெயர். வரம்புக்கு உள்ளே மட்டும் நிறம் மாறும், வெளியே தோல் அப்படியே இருக்கும். அடிநகத்தில் தோல் ஏறி நிற்கிற இடத்தில் மாஸ்க் ஒரு புள்ளி வெளியே போனால் விரலில் சாயம் ஒழுகியது போலாகும். ஒரு புள்ளி உள்ளே போனால் பழைய ரோஸ் ஒரு கோடாகத் தெரியும். அப்புறம் பளபளப்பு. நகத்தின் மேல் விளக்கு விழுந்து வெள்ளையாக மின்னுகிற இடம் இருக்கிறதே, அதைத் தொடவே கூடாது. பாலிஷ் சிவப்பானாலும் கறுப்பானாலும் அந்த மினுக்கு விளக்கின் நிறத்தில்தான் இருக்கும். தெரியாதவன் ஒரே தட்டாக நிறத்தை ஊற்றுவான், மினுக்கும் சிவந்துபோய் நகம் பிளாஸ்டிக் குண்டுமணி போல உட்கார்ந்திருக்கும். சுகுணா மினுக்கைத் தனி லேயராகப் பிரித்து எடுத்து மேலே வைத்துவிட்டு, அடியில் மட்டும் நிறத்தை மாற்றுவாள். அடர்ந்த நிறம் வரும்போது நகத்தின் ஓரத்து நிழலைக் கொஞ்சம் ஏற்றுவாள். அவள் முடித்த கையைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஈரம் காயாத பாலிஷ் என்று தொடப் பயப்படுவீர்கள்.

கல்லூரி முடித்து எங்களிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். பிறகு கல்யாணமாகிக் கொல்லிமலைக்கே திரும்பிப் போனாள். பிறந்தது தேவனூர் நாடு, வாக்கப்பட்டது குண்டூர் நாடு; அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. புருஷன் சந்தோஷ்குமார் போர்வெல் லாரியில் போகிறவன். வடக்கே எங்கேயோ துளை போட்டுக்கொண்டிருப்பான், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் மாமியார் சின்னாயியும் இவளும்தான்.

இவள் கைவேலையை விட மனமில்லாமல் ராஜதுரை ஒரு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார். சின்னாயி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வேலை செய்யலாம், வாசல் தாண்டக் கூடாது. காட்டுக்குப் போனால் மாமியாரோடு, சந்தைக்குப் போனால் மாமியாரோடு, கோயிலுக்கும் மாமியாரோடு. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். சோறு போடுவதில் குறை வைக்கவில்லை, ஒரு நாள் கை நீட்டியதில்லை. மகன் ஊரில் இல்லாத வீட்டில் மருமகளைப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம். வீட்டுக்கு நேர் எதிரே டீக்கடை, அங்கே ஜீப் டிரைவர்கள், அருவிக்கு வரும் கும்பல். பத்திரம் என்றால் பூட்டு என்றே அந்தம்மாவுக்கு அர்த்தம்.

அந்தப் பூட்டுக்கு மாதத்தில் ஒரு நாள் திறப்பு இருந்தது. லேப்டாப் திரையை நம்பி நிறத்தை முடிவு செய்ய முடியாது. ஆபீஸில் அளவு பார்த்துச் சரிசெய்த பெரிய திரை ஒன்று இருக்கிறது. அதனால் இரண்டாம் சனிக்கிழமை சுகுணா கீழே வருவாள், பிளாஸ்டிக் நகங்களைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு நிறத்தையும் கடைசியாக ஒரு முடுக்கு முடுக்கிக் கொடுப்பாள். ஆபீஸ் வேலை என்பதால் சின்னாயி மறுக்கவில்லை.

அந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் போதும். மீதி நாள் அவளுடையது. காலை பஸ்ஸில் எழுபது வளைவும் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள். ஊரே வாந்தி எடுக்கும் அந்த ரோட்டில் இவள் சேந்தமங்கலம் வருவதற்குள் ஒரு பாக்கெட் முறுக்கைத் தீர்த்திருப்பாள். மத்தியானம் தனியாகப் போய் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் கூட வருகிறேன் என்றால் "வேண்டாங்கக்கா, நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்பாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள் சொன்னாள்.

"மாசம் முச்சூடும் என்னைய யாராச்சும் பாத்துட்டே இருக்காங்கக்கா. அந்தக் கடையில ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்லைங்க. அதுக்குத்தான் போறேன்."

அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு நாள்தான். அதை எடுத்துவிட்டால் பாக்கி இருப்பது நான்கு சுவர்.

போன வருஷம் ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. வளைவில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் நின்றது. அந்த இரண்டு நாளில் ஒன்று இரண்டாம் சனிக்கிழமை. கம்பெனிக்காரர்கள் அவசரம் என்றார்கள். முதன்முறையாகச் சுகுணா மேலிருந்தபடியே பதினெட்டையும் முடித்து அனுப்பினாள், ராஜதுரை நேராகக் கம்பெனிக்கே தள்ளிவிட்டார்.

நான்காம் நாள் பன்னிரண்டு திரும்பி வந்தது. மாஸ்க் அபாரம், மினுக்கு அபாரம், நிறம் மட்டும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். பவழ நிறம் ஊதா கலந்த ரோஸாக இருந்தது. செங்கல் நிறம் கத்தரிக்காய்ப் பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாமே நீலத்தின் பக்கம் போயிருந்தன. ராஜதுரை அதிகம் பேசமாட்டார். "இன்னொரு தடவ இப்படி வந்தா இந்த வேலைய வேற ஆளுக்குத்தான் குடுக்கோணும்" என்றார். வேலை போனால் லேப்டாப் போகும், இரண்டாம் சனிக்கிழமையும் போகும்.

வீடியோவில் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன், ஒளிப்பானேன். அவள் முகம் திரையில் வந்ததும் திட்ட வந்ததே மறந்துபோனது.

"ஏன்டி மூஞ்சியெல்லாம் நீலம் பூத்துக் கெடக்குது?"

"நீலமாங்க? இல்லீங்களே."

"ஒரு வெள்ளப் பேப்பர எடுத்துக் காட்டு."

காட்டினாள். சொட்டுநீலம் அதிகமாய்ப் போன வேட்டி போல இருந்தது அந்தப் பேப்பர். அவளுக்கு அது வெள்ளையாகவே தெரிந்தது. ஒரு வெளிச்சத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தால் கண் அதற்குப் பழகி, அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். ரோட்டுப் பக்க ஜன்னலை முழுசாக ஒரு நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. நான்கு மூலையிலும் ஆணி.

"குரங்கு வருதுன்னு அத்தை அடிச்சாங்கக்கா. போன மாசம்."

"குரங்கா?"

வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "குரங்கும் வருதுங்க. டீக்கடையில பையனுங்க பாக்கறாங்கன்னும் சொன்னாங்க."

பகல் வெளிச்சமெல்லாம் அந்தத் தார்ப்பாய் வழியாக நீலமாகிக்கொண்டே உள்ளே வந்திருக்கிறது. பிளாஸ்டிக் நகத்தை அந்த நீலத்தில் பிடித்துப் பார்த்தால் பவழமும் ரோஸாகத்தான் தெரியும். இவள் நேர்மையாக, பார்த்ததைப் பார்த்தபடியே திரையில் கொண்டுவந்திருக்கிறாள். ஏழாம் நம்பர் நகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகச் சொன்னேன். போனாள். போன் நிலைப்படியைக் காட்டிக்கொண்டு நின்றது. "அய்யோ" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, இது காவி மாரி இருக்குதுங்க. உள்ள வேற மாரி இருந்துச்சு. நான் தப்பாப் பண்ணலீங்கக்கா."

"நீ தப்பே பண்ணல. தார்ப்பாயக் கழட்டச் சொல்லு."

சொல்வது சுலபம். அவள் மாமியாரிடம் கேட்டது எனக்குப் போனிலேயே கேட்டது. சின்னாயி கத்தவில்லை. "வேலைக்கு வெளிச்சம் வேணும்னா லைட்டப் போட்டுக்க கண்ணு. ஜன்னலத் தெறந்து வெக்க இதென்ன கடையா?" என்றாள். லைட் போட்டாலும் நீலம் கலக்கத்தான் கலக்கும் என்று நான் இங்கிருந்து கத்தினேன். லேப்டாப்பை வாசலுக்குக் கொண்டுபோனால் திரையில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு செய்யலாம் என்றால், அந்த அறையின் பல்பு மஞ்சள், அது வேறு கூத்து. சுகுணா அழ ஆரம்பித்தாள். அந்தம்மாவுக்கு மருமகள் அழுகை பொறுக்காது. யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள்.

"நீலந்தான் ஆவாதா? வெள்ளை ஆவுமா?"

ஆகும். சந்தோஷ்குமாரின் கல்யாண வேட்டியை இரண்டாக மடித்து, தார்ப்பாய் இருந்த அதே ஆணிகளில் சின்னாயியே மாட்டினாள். வெளிச்சம் வெள்ளையாக, சீராக வந்தது. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற வெளிச்சம் அது. வெளியிலிருந்து உள்ளேயும் தெரியாது, உள்ளிருந்து வெளியேயும் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சுகுணாவும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டையும் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அதோடு மற்ற ஆறையும் ஒரு முறை பார்த்து அனுப்பச் சொன்னேன். அன்று சாயங்காலம் ராஜதுரை ஒரு யோசனை சொன்னார். வெளிச்சம் சரியாகிவிட்டது, சின்னதாக ஒரு கருவி வாங்கி அனுப்பினால் லேப்டாப் திரையையும் அளவு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பதினெட்டும் சரியாக வந்தால் அந்தப் பெண் இனி மலையிறங்கத் தேவையில்லை. மழையில் மண் சரியும்போது எதற்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டும்?

எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. என் புத்தியை என்ன சொல்ல! மாதாமாதம் எழுபது வளைவு இறங்கி ஏறுகிற கஷ்டம் தீர்ந்தது என்று நானே போன் செய்து சொன்னேன். பரோட்டாக் கடையைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு நினைவே வரவில்லை.

"அப்படீங்களா" என்றாள். "சரிங்கக்கா" என்றாள்.

கருவி மேலே போய்ச் சேர்ந்து, வியாழக்கிழமை பதினெட்டும் வந்தது. பெரிய திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் நகம், பவழம் பவழமாகவே இருந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் பிளாஸ்டிக் நகத்தோடு ஒட்டி நின்றன. கட்டைவிரல் மினுக்கு ஒரு தூசிகூடக் குறையவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு வேறு நகைக்கடைப் படங்கள் மலை போலக் கிடந்தன. மிச்சம் பதிமூன்றையும் திறக்காமலே பதினெட்டுக்கும் ஓகே போட்டேன். "சூப்பர் சுகுணா. இனி நீ வர வேண்டாம்" என்று மெசேஜும் போட்டேன்.

சனிக்கிழமை காலை போன் வந்தது.

"அக்கா, பதினொண்ண பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். எல்லாம் ஓகே."

"பதினொண்ணு தப்புங்கக்கா."

திறந்தேன். பதினொன்று மாதுளைச் சிவப்பு. பக்கத்தில் அசல் நகத்தைப் பிடித்தேன். திரையில் இருந்தது நாவல்பழத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"இதெப்படி உனக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"வேணும்னுதாங்க வெச்சேன். ஒண்ணு தப்பா இருந்தா, நீ வந்துதான் பாக்கோணும்னு சொல்வீங்கன்னு நெனச்சேன். நீங்க கண்டிப்பாப் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் குறை கண்டுபிடிக்கிற கண்ணென்று மார்தட்டுகிறவள் நான்.

"ரெண்டு நாளாச் சோறு எறங்கலீங்கக்கா. தப்பான கலர் என் கையால வெளிய போவுதுன்னு. இன்னும் கம்பெனிக்கு அனுப்பலியே? நான் சரி பண்ணிட்டேன், இப்ப அனுப்பறேன்."

நல்லவேளை, ராஜதுரை இன்னும் அனுப்பியிருக்கவில்லை. நான்கு நிமிஷத்தில் வந்தது. குறை சொல்ல இடமே இல்லை. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் சொன்னேன்.

"சுகுணா, நான் ஒண்ணு பண்றேன். மாசாமாசம் ஒரு கலரத் தப்புன்னு எழுதறேன். நேர்ல வரோணும்னு முதலாளிகிட்ட நானே சொல்றேன்."

"வேண்டாங்க." படக்கென்று சொன்னாள். "எவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்றேன். அதத் தப்புன்னு எழுதாதீங்க. எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதானுங்க."

அப்போது போன் கை மாறியது. சின்னாயி. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நல்லா இருக்கீங்களா சாமி? நேரா ஒண்ணு கேக்கறேன். எம் மருமவ வேலை தப்பா, சரியா? தப்புன்னு சொல்லுங்க, வர்ற சனிக்கெழமையே நானே பஸ் ஏத்தி உடறேன். சரின்னா அவ எதுக்குப் போவோணும்?"

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள். பின்னால் சுகுணா நிற்பது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது. தப்பு என்று சொன்னால் அவளுக்கு ஒரு சனிக்கிழமை கிடைக்கும், மானம் போகும். சரி என்று சொன்னால் மானம் நிற்கும், கதவு சாத்திக்கொள்ளும். இரண்டுமே என் வாயால் வர வேண்டியிருந்தது. என் பிழைப்பில் அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை. கடைசியில் எது உண்மையோ அதைச் சொன்னேன்.

"அவ வேலை சரிங்கம்மா. தப்பு எம் மேலதானுங்க. நான்தான் ஒழுங்காப் பாக்காம உட்டுட்டேன். அவ மாசத்துல ஒரு நாள் பக்கத்துல உக்காந்தாத்தான் நான் தப்பில்லாமப் பாப்பேன். என்னைய நம்பி அனுப்பி வையுங்க."

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சின்னாயி யோசித்தாள். அந்தப் பக்கம் டீக்கடைப் பாட்டு கேட்டது.

"ஒழுங்காப் பாக்காதது நீங்க" என்றாள் நிதானமாக. "அதுக்கு எம் மருமவ எதுக்கு சாமி பஸ் ஏறோணும்? நீங்க ஏறி வாங்க. ராகிக் களி கிண்டி வெக்கறேன்."

பின்னால் வளையல் சத்தம் நின்றது.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை நான் பஸ் ஏறினேன். இருபதாவது வளைவில் எனக்கு வாந்தி வந்தது. மலைமேல் செம்மேட்டில் இறங்கி ஜீப் பிடித்துப் போய், வேட்டி தொங்கும் அந்த அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மாதம் புதிதாக வந்த இருபத்திரண்டு நிறம் பார்த்தேன். ஒன்றும் தப்பில்லை. களி நன்றாக இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது சுகுணா வாசல்வரை வந்தாள். கீழே எந்தக் கடையில் சாப்பிடப் போகிறேன் என்று கேட்டாள். அவள் போகிற கடையின் பெயரை அவளே சொல்லி, ஜன்னல் பக்கத்து மேசையில் உட்காரச் சொன்னாள்.